கிரேயான் சீவலில் பாறை சுழற்சி: நீலகிரி வகுப்பறைக்கு ஒரு முழு வழிகாட்டி

கிரேயானைச் சீவி, அழுத்தி, உருக்கிப் பாறை சுழற்சியைக் காட்டும் செய்முறை பல ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். சீவல் அழுந்தினால் படிவுப் பாறை, சூடுபட்டு அழுந்தினால் உருமாறிய பாறை, உருகி உறைந்தால் தீப்பாறை. மூன்றும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும், மாணவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் நடுவில் இருக்கும் உருமாறிய பாறைதான் பெரும்பாலும் தப்பாகப் போகிறது. பொட்டலத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பாதி உருகியதை அழுத்தி, 'இதுதான் உருமாறிய பாறை' என்று காட்டிவிடுகிறோம். உருகினால் அது உருமாறிய பாறை அல்ல. பாறை திடமாக இருக்கும்போதே மாறியிருந்தால்தான் அந்தப் பெயர்.

இந்தத் தவறை நீலகிரியில் விட்டுவிட முடியாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கே பள்ளி இருந்தாலும் அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் உருமாறிய பாறைதான். பழனி மலையிலும் அதே வகைப் பாறைதான் அதிகம். மாணவர்கள் தினமும் மிதித்து நடக்கும் கல்லைப் பற்றிய படியே குழப்பமாகிவிட்டால் மற்றதெல்லாம் சரியாக வந்தும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த ஒரு படிக்குத்தான் அதிக இடம். கடைசியில் அதே பொருட்களை வைத்து நம் மலை உண்டான வரிசையில் இன்னொரு முறை செய்து பார்ப்போம்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான்கு நிற மெழுகு கிரேயான்கள் போதும். கடையில் கேட்கும்போது 'வேக்ஸ் கிரேயான்' என்று சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டிக் கிரேயான் இதற்கு ஆகாது, அது இந்தச் சூட்டில் ஒழுங்காக இளகாது. ஆயில் பேஸ்டலும் ஆகாது, குளிரிலும் பிசுபிசுவென்று ஒட்டும், சீவலாக உதிராது. மெழுகு கிரேயான் பிராண்டுக்குத் தகுந்தாற்போல் ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும். நமக்கு வேண்டிய எண் இது ஒன்றுதான்.

நிறங்களில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடுபவையாக எடுத்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். ஊதா, கருநீலம், கறுப்பு மூன்றையும் சேர்த்து எடுத்தால் எல்லாம் ஒரே கறையாகிவிடும்.

அப்புறம் ஆளுக்கு ஒரு ஷார்ப்னர், அலுமினியம் ஃபாயில், ஒரு காலித் தீப்பெட்டி, இரண்டு சிறு பலகைகள், ஒரு இடுக்கி, இரண்டு ஸ்டீல் பாத்திரம், ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கொதித்த தண்ணீர். தெர்மாமீட்டர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் சமாளிக்கலாம். கிரேயானின் காகித உறையை முந்தின நாளே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரித்து வைத்துவிடுங்கள். வகுப்பில் உரிக்க விட்டால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

மெழுகை நேரடித் தீயில் காட்ட வேண்டாம். மெழுகுவர்த்தி மேல் ஃபாயிலைப் பிடிப்பது, அடுப்பில் கரண்டியை வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். சூடேறிய மெழுகு தீப்பிடிக்கும். சுடுநீரில் வைத்தே எல்லாவற்றையும் செய்யலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபிளாஸ்க்கில் இரண்டு பாடவேளை கிடந்து இன்னும் இறங்கினாலும் மெழுகு உருகத் தேவையான சூடு மிச்சம் இருக்கும்.

முதல் படி: சீவுதல்

ஒவ்வொரு மாணவரும் தன் கிரேயானில் முக்கால் பாகத்தைச் சீவட்டும். மிச்சக் கால் பாகத்தைத் தாய்ப்பாறை மாதிரி என்று எழுதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டியிருக்கும். சீவல் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஸ்கேலின் விளிம்பால் சுரண்டிய பொடியும், ஒடித்த சிறு துண்டும் கலந்தால் இன்னும் நல்லது. ஆற்றில் வருவதும் அப்படித்தானே.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷார்ப்னர் காட்டுவது உடைவதை மட்டும்தான். நீலகிரியில் பாறை பெரும்பாலும் அப்படிச் சிதைவதில்லை. மழைநீர் பாறைக்குள் இறங்கி, அதிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அப்படி உண்டானது. வேதிச் சிதைவைக் கிரேயானில் காட்ட வழியே இல்லை. ஆனால் சாலை வெட்டிய மண்சுவர்களில் அது அப்படியே தெரியும். செம்மண்ணுக்கு நடுவில் உருண்டை உருண்டையாகக் கற்கள் நிற்கும். அதன் வெளிப்புறம் விரலால் சுரண்டினாலே உதிரும், உள்ளே போகப் போகக் கெட்டிக் கருங்கல். வெயில் நாளில் அப்படி உதிரும் மேல்தோல் கொஞ்சம் பொறுக்கி வைத்துக்கொண்டு, சீவலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மழைக்காலத்தில் அந்த மண்சுவர் பக்கமே மாணவர்களைக் கூட்டிப் போக வேண்டாம், சரிந்து விழும் இடம் அது.

இரண்டாம் படி: படிய வைத்தல்

ஃபாயிலை இரட்டையாக மடித்து, தீப்பெட்டியின் உள்தட்டைச் சுற்றி மடக்கி, சுவரை மட்டும் நான்கு விரல் உயரத்துக்கு விட்டு, ஒரு சிறு தொட்டி மாதிரிச் செய்யுங்கள். ஒரு மாணவர் தன் நிறச் சீவலை ஒரு காகிதத்தில் வைத்துச் சாய்த்து, தட்டித் தட்டித் தொட்டிக்குள் விழச் செய்யட்டும். அது முழுதும் விழுந்த பிறகு அடுத்த நிறம். எது முதலில் விழுந்ததோ அது அடியில், அதுதான் வயதில் மூத்தது. இதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

தண்ணீர் ஊற்றிச் சீவலை அடித்துக்கொண்டு போகவைத்தால் ஆறு மாதிரியே இருக்குமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மெழுகு தண்ணீரில் மிதக்கும். படிய வேண்டிய வண்டல் மேலே மிதப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் மனதில் நேர்மாறான படம் பதியும். காகிதத்தைச் சாய்த்துத் தட்டுவதே போதும்.

இப்போது ஃபாயிலின் மேல்பக்கத்தை மூடி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, ஒருவர் குதிகாலால் ஏறி நின்று ஒரு நிமிடம் அழுத்தட்டும். பிரித்தால் உயரம் பல மடங்கு குறைந்து ஒரு வில்லை கிடைக்கும். அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும், ஒவ்வொரு சீவலின் விளிம்பும் தெரியும், நடுவில் துளைகள் இருக்கும், விரலால் ஒடித்தால் அடுக்கோடு பிளந்து உதிரும். படிவுப் பாறைக்கு இந்த நான்கு அடையாளங்கள் போதும்.

மலையில் இந்தப் படி தோற்றுப்போவது உண்டு. டிசம்பர், ஜனவரியில் காலை வகுப்பறை 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் மெழுகு மொறுமொறுவென்று இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது, ஃபாயிலைப் பிரித்ததும் பொலபொலவென்று கொட்டிவிடும். சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இது வராது, அவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. பொட்டலத்தை ஸ்வெட்டருக்குள் அக்குளில் மூன்று நான்கு நிமிடம் வைத்திருந்து எடுத்து உடனே அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சிரிப்புச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லை.

இங்கேயும் மாதிரிக்கு ஒரு எல்லை உண்டு. உண்மையான மணற்பாறையில் மணல் வெறும் அழுத்தத்தால் மட்டும் ஒட்டுவதில்லை. துளைகளில் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ இடுக்குகளில் படிந்து, துகள்களைப் பிணைக்கிறது. கிரேயானில் அந்தப் பிணைப்பு இல்லாததால்தான் வில்லை இவ்வளவு சுலபமாக உதிர்கிறது. உதிரும்போதே இதைச் சொல்லிவிட்டால் மறக்க மாட்டார்கள்.

வில்லையை மூன்றாக ஒடித்து, ஒன்றைப் 'படிவு' என்று எழுதி வைத்துவிடுங்கள். மற்ற இரண்டும் அடுத்த இரண்டு படிகளுக்கு.

மூன்றாம் படி: உருகாமல் உருமாற்றுதல்

நமக்கு வேண்டியது மெழுகு இளகும், ஆனால் உருகாத சூடு. 45 டிகிரி அளவில் இருந்தால் சரியாக வரும். அதற்கு மேலே போகப் போக ஆபத்து, 50-ஐத் தாண்டினால் சில நிறங்கள் உருகத் தொடங்கிவிடலாம்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு கணக்கு இருக்கிறது. கொதித்த தண்ணீர் இரண்டு டம்ளர், குழாய்த் தண்ணீர் மூன்று டம்ளர் கலந்துகொள்ளுங்கள். ஊட்டிக் குளிரில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்றும், அப்போதுதான் கொதித்த தண்ணீர் 90 என்றும் வைத்தால் கலவை 45-க்கு வரும். ஃபிளாஸ்க்கில் ஆறி 80-க்கு இறங்கியிருந்தால் 41 வரும், அதுவும் போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தால் சரி. இதே கலவையை மேட்டுப்பாளையத்தில் செய்தால் சரிவராது. அங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 இருக்கும், கொதிநீரும் நம்முடையதைவிடச் சூடு, கலவை 55-ஐத் தாண்டி மெழுகு உருகிவிடும். எந்த ஊரானாலும் பொட்டலத்தைப் போடுமுன் ஒரே ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதன் முனை கூராகவே இருந்து, எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைந்தால் சூடு சரி. முனை மழுங்கிப் பளபளத்தால் சூடு அதிகம், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒடித்த இரண்டாவது துண்டைப் புதிய ஃபாயிலில், தண்ணீர் புகாதபடி ஓரங்களை இரண்டு முறை மடித்துச் சுற்றி, இந்த வெந்நீரில் மூன்று நிமிடம் போடுங்கள். எடுத்துத் தொட்டால் சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். உடனே பலகைகளுக்கு நடுவில் வைத்து ஒருவர் முழு எடையோடு ஏறி நிற்கட்டும். திரும்பவும் வெந்நீரில் ஒரு நிமிடம், இந்த முறை பக்கவாட்டில் இரண்டு முனைகளையும் பிடித்து உள்நோக்கி அழுத்துங்கள். பிறகு ஜன்னலோரம் ஐந்து நிமிடம் ஆறட்டும். முழுதும் விறைத்துப்போன பின் வெட்டினால் விரிசல் விடும், கொஞ்சம் இளக்கம் இருக்கும்போதே ஆசிரியர் பிளேடால் குறுக்கே வெட்டி, உள்பக்கத்தைக் காட்ட வேண்டும்.

வெட்டிய முகத்தில் நிறங்கள் இன்னும் தனித்தனியாக இருக்கும். ஆனால் துளைகள் மூடிப் போயிருக்கும், சீவல்களின் விளிம்பு மறைந்திருக்கும். அடுக்குகள் மெலிந்து, நீண்டு, சில இடத்தில் மடிந்து நெளிந்திருக்கும். முதலில் மேலிருந்து அழுத்தியபோது நிறப்பட்டைகள் அந்த அழுத்தத்துக்குக் குறுக்காகப் படர்ந்ததையும், அப்புறம் பக்கத்திலிருந்து நெருக்கியபோது அவை மடிந்ததையும் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் 'படிவு' துண்டை வைத்தால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

உருகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். நிறங்களின் எல்லையில் மூன்றாவது நிறம் வந்திருக்கிறதா? மஞ்சளும் நீலமும் சந்திக்கும் இடம் பச்சையாக இருந்தால் அங்கே மெழுகு உருகிக் கலந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். பூமிக்குள்ளும் உருமாற்றச் சூடு கூடும்போது பாறையின் ஒரு பகுதி மட்டும் உருகும். 'இந்த மூலை தீப்பாறைப் பக்கம் போய்விட்டது, மிச்சம் இன்னும் உருமாறியதுதான்' என்று அதையே பாடமாக்கலாம்.

இந்தப் படியில் கிரேயான் காட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது, அது பெரிய விஷயம். மெழுகின் உருவம்தான் மாறுகிறது, பொருள் மாறவில்லை. உண்மைப் பாறையில் புதிய கனிமங்கள் வளரும். நீலகிரியின் சார்னோக்கைட் பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உருமாறியது. அந்தச் சூட்டில் நீர் கலந்த கனிமங்கள் தாக்குப்பிடிக்காமல் நீரை இழந்து, ஹைப்பர்ஸ்தீன் என்ற புதிய கனிமம் வந்தது. புதிதாக உடைத்த சார்னோக்கைட் எண்ணெய் தடவியது போல ஒரு பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். சில துண்டுகளில் கார்னெட் சிறு சிவப்புப் புள்ளிகளாகவே தெரியும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் அன்று உடைத்த கல் ஒன்று கிடைத்தால் வகுப்புக்கு எடுத்துப் போங்கள். பழைய கல் வேண்டாம், வெளுத்துப் போயிருக்கும்.

நான்காம் படி: உருக்குதல்

மூன்றாவது துண்டை ஃபாயிலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, ஃபிளாஸ்க் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தின் மேல் மிதக்கவிட்டு, ஒரு தட்டால் மூடுங்கள். சில நிமிடங்களில் உருகும். எல்லாம் ஒரே நேரத்தில் உருகாது, கடைசி வரை சில துண்டுகள் திடமாகவே நிற்கும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இந்தப் படியை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும், கிண்ணத்தை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

உருகியதில் பாதியைக் குளிர்ந்த நீரில் ஊற்றுங்கள், பாதி கிண்ணத்திலேயே ஆறட்டும். நீரில் விழுந்தது கண்மூடித் திறப்பதற்குள் சுருங்கிச் சுருங்கி உறையும். மெதுவாக ஆறும் பாதி நடுவில் ஒரு குழியோடு உறையும். லாவா, மாக்மா இரண்டையும் பிரித்துச் சொல்ல இது உதவும். ஆனால் மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாகும் என்பதை மெழுகு கண்ணுக்குக் காட்டாது. அதற்கு வீட்டுத் தரைக்குப் போடும் கிரானைட் பலகையின் ஒரு உடைந்த துண்டே போதும். தனித்தனிப் படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

மிச்ச மெழுகை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நம் மலையின் வரிசையில் இன்னொரு முறை

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்த மாணவர்கள் படிவு, உருமாற்றம், உருகல் என்று சக்கரம் ஒரே பக்கம் சுற்றுவதாகத்தான் நினைப்பார்கள். நாம் இதுவரை செய்ததும் அதே வரிசை. நீலகிரியின் கதை வேறு. இங்குள்ள சார்னோக்கைட்டில் பெரும்பகுதி முதலில் மாக்மாவாக இருந்து உறைந்தது. படிவுப் பாறையாகாமலே அது நேராக உருமாறியது. 'அப்ப நம்ம மலை எரிமலையா, சார்?' என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். இல்லை. வெளியே கொட்டாமல் ஆழத்திலேயே உறைந்தது, ஆழத்திலேயே உருமாறியது. மேலே மூடியிருந்த பாறை காலப்போக்கில் அரித்துப் போனதாலும் நிலம் உயர்ந்ததாலும் இப்போது நம் காலடியில் இருக்கிறது.

இதைச் செய்துகாட்ட, மெதுவாக ஆறவைத்த அந்தத் தீப்பாறைத் துண்டை எடுங்கள். மூன்றாம் படியின் 45 டிகிரி வெந்நீரில் வைத்து அதே மாதிரி அழுத்துங்கள். துண்டு கெட்டியாக இருப்பதால் ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும். நிறங்கள் கலந்த கோடுகள் நசுங்கி நீளும், அடுக்கு இருக்காது, ஏனென்றால் இது எப்போதும் படிவாக இருந்ததில்லை. இப்போது ஃபாயிலை மேலிருந்து கிழித்து உரியுங்கள். அந்த ஃபாயில்தான் அரித்துப் போன மேல்பாறை. பிறகு ஷார்ப்னரும் ஸ்கேலும் எடுத்து மேற்பரப்பைச் சுரண்டி, சீவலைச் சாய்த்த காகிதத்தில் தட்டிக் கீழே கொண்டுபோங்கள். குந்தா ஆறு அடித்துக்கொண்டு போகும் மண் பவானியில் சேர்ந்து பில்லூர் அணையில் படிகிறது. அணையில் சேரும் வண்டல் இன்னும் பாறையாகவில்லை, நம் காகிதத்தின் அடியில் கிடக்கும் அழுத்தாத சீவல் மாதிரிதான். அதற்கு மேலும் அடுக்கு சேர்ந்து, புதைந்து, இறுகினால்தான் படிவுப் பாறை.

இத்தனையும் ஒரே பாடவேளையில் அடங்காது. முதல் இரண்டு படி ஒரு நாள், மற்றவை அடுத்த நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. வில்லைகள் ஒரு நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது, வெயில் படும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள்.

மதிப்பீட்டுக்கு 'மூன்று வகைப் பாறைகளை எழுதுக' என்று கேட்பதைவிட, பெயர் எழுதாத ஒரு மெழுகுத் துண்டைக் கையில் கொடுத்து, 'இதற்கு என்னென்ன நடந்திருக்கும், எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். 'அடுக்கு இருக்கிறது, துளை இல்லை, பச்சை கலக்கவில்லை, அதனால் சூடுபட்டு அழுந்தியது, உருகவில்லை' என்று பதில் வந்தால் மூன்றாம் படி மாணவருக்குப் புரிந்திருக்கிறது. 'உருகி அழுந்தியது' என்று வந்தால், அந்த மாணவரோடு வெட்டிய இரண்டு துண்டுகளையும் லென்ஸையும் வைத்துக்கொண்டு நிற எல்லைகளை இன்னொரு முறை பாருங்கள்.